வெள்ளெழுத்துக் கண்ணாடி: கடையில் வாங்கினால் போதுமா?

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல இறுகுகிறது. நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அது முன்போல் வளைந்துகொடுப்பதில்லை. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். தூரப் பார்வை நன்றாக இருந்து, இரு கண்களும் ஒரே நிலையில் இருந்தால், கடையில் கிடைக்கும் ரெடிமேட் கண்ணாடியே வாசிக்கப் போதும்.

எந்த பவர்?

பொதுவாக 45 வயதையொட்டி +1.00 அல்லது +1.50, 50 வயதுக்கு மேல் +2.00, 60 வயதுக்கு மேல் +2.50 பொருந்தும். +2.50 பவரில் எழுத்து தெளியும் தூரம் சுமார் 40 செ.மீ. நாளிதழைக் கையில் பிடித்து வாசிக்க இது சரியான தூரம். +3.50 போட்டால் 29 செ.மீ. அளவுக்குத் தாளை முகத்தருகே கொண்டுவர வேண்டியிருக்கும். அதனால் இரண்டு பவரில் ஒரே அளவு தெளிவு கிடைத்தால் குறைந்ததையே வாங்குங்கள்.

ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

கண்ணாடியை அணிபவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழக்கமாக வாசிக்கும் தூரத்தில் மருந்து அட்டையையோ நாளிதழையோ பிடித்து, முதலில் இரு கண்களாலும், பிறகு ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே வாசிக்கச் சொல்லுங்கள்.

62 வயது அம்மா ஒருவர் +2.50 கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு கண்களாலும் வாசித்தால் குறையே தெரியவில்லை. வலது கண்ணை மூடினால் மட்டும் எழுத்தெல்லாம் புகை படிந்ததுபோல் மங்குகிறது. +3.00 கொடுத்தால் எழுத்து பெரிதாகிறது, ஆனால் புகை விலகவில்லை. அப்படியானால் குறை பவரில் மட்டும் இல்லை. இடது கண்ணில் புரை வளர்ந்திருக்கலாம், விழித்திரையிலும் கோளாறு இருக்கலாம். இங்கே பவரைக் கூட்டிக்கொண்டே போனால் சிகிச்சைதான் தள்ளிப்போகும்.

கடைக் கண்ணாடி எப்போது போதாது?

ரெடிமேட் கண்ணாடியில் இரு பக்கமும் ஒரே பவர்தான். கண்ணுக்குக் கண் பவர் மாறுபடுபவர்களுக்கும், சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கும், தூரத்துக்கே கண்ணாடி போடுபவர்களுக்கும் அது பொருந்தாது. சர்க்கரை அளவு ஏறி இறங்கினால் பவரும் மாறும். அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகே கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

"இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது" என்று பெரியவர் சொன்னால் மகிழ்ந்து விட்டுவிடாதீர்கள். புரை முற்றும்போது சிலருக்குக் கிட்டப் பார்வை சில காலம் இப்படித் தெளிவதுண்டு.

அன்றே மருத்துவரிடம்

பார்வை திடீரென மங்குவது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தெரிவது, ஜன்னல் கம்பிகள் நெளிந்து தெரிவது, கண் சிவந்து கடும் வலியும் வாந்தியும் வருவது: இவற்றில் ஒன்று தோன்றினாலும் கண்ணாடிக் கடைக்கு வேலையில்லை. அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.