ஆடிட்டர் வரும் தேதியைக் குறிக்கும் முன்

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் கடைசல் செய்யும் ஒரு பட்டறை. முதலாளி உட்பட 60 பேர். வாங்கும் கம்பெனி ஐஎஸ்ஓ 9001 தரச்சான்று கேட்கிறது. சான்று தரும் நிறுவனம் போன் செய்து, "எந்தத் தேதியில் வரலாம்?" என்கிறது. பல இடங்களில் காலண்டரைப் புரட்டி ஒரு நாளைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எத்தனை நாள், எந்தெந்தப் பிரிவு, என்னென்ன பதிவேடு.

நாட்களை ஆடிட்டரோ முதலாளியோ இஷ்டப்படி வைக்க முடியாது. ஆட்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட உலகப் பொது அட்டவணை ஒன்று இருக்கிறது. அதன்படி 46 முதல் 65 பேர் வரை உள்ள இடத்தில் முதல் சான்றுக்கான அடிப்படைக் கணக்கு 5 நாள். வேலையின் தன்மையைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். இது ஓர் ஆடிட்டருக்கான கணக்கு. இருவர் வந்தால் பாதி நாளில் முடியும். நம் பட்டறைக்கு இப்படிப் பிரிக்கலாம்: முதல் கட்டமாக ஒருவர் ஒரு நாள் வந்து, ஆவணங்களும் ஏற்பாடுகளும் தயாரா என்று பார்ப்பார். சில வாரங்கள் கழித்து, இரண்டாம் கட்டத்துக்கு இருவர் இரண்டு நாள் வருவார்கள். சான்று கிடைத்த பிறகு ஆண்டுதோறும் நடக்கும் கண்காணிப்பு ஆடிட்டுக்கு இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும்.

தேதி குறிக்கும்போது மாதக் கடைசியைத் தவிர்ப்பது நல்லது. சரக்கு அனுப்பும் அவசரத்தில் யாரும் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார்கள். அதைவிட முக்கியமானது, உள் தணிக்கையும் நிர்வாக மறுஆய்வுக் கூட்டமும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது. இரண்டையும் தரநிலை கட்டாயமாகக் கேட்கிறது.

அடுத்தது பிரிவுகளின் வரிசை. ஓர் ஆர்டர் பட்டறைக்குள் எந்த வழியில் நகர்கிறதோ, அதே வழியில் நேரம் ஒதுக்குவது எளிது. முதல் நாள் காலை அரைமணி நேரம் தொடக்கக் கூட்டம். பிறகு முதலாளியுடன் பேச்சு. அதன்பின் ஓர் ஆடிட்டர் விற்பனை, கொள்முதல், ஸ்டோர்ஸ் என்று போவார். மற்றவர் உற்பத்தியையும் இயந்திரப் பராமரிப்பையும் பார்ப்பார். இரண்டாம் நாள் தரப் பரிசோதனை, டெஸ்பாட்ச், வாடிக்கையாளர் புகார்கள், பணியாளர் பயிற்சி. மாலையில் முடிவுக் கூட்டம். இரவு ஷிப்ட் ஓடினால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த ஷிப்டையும் பார்ப்பதா என்பதை அவர்கள் திட்டமிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் பதில் சொல்பவர் யார், அவர் லீவில் இருந்தால் யார் என்பதையும் அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.

பதிவேடுகளில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அலமாரி நிறைய ஃபைல் அடுக்குவது தயாரிப்பு ஆகாது. மூன்று மாதத்துக்குள் முடிந்த ஓர் ஆர்டரை எடுத்து நீங்களே பின்தொடர்ந்து பாருங்கள். உதாரணமாக 200 இம்பெல்லர். வாடிக்கையாளரின் ஆர்டர், அதை நம்மால் செய்ய முடியும் என்று சரிபார்த்த குறிப்பு, வார்ப்பு கொடுத்தவர் அங்கீகரித்த சப்ளையர் பட்டியலில் இருக்கிறாரா, சரக்கு வந்தபோது பார்த்த பரிசோதனைத் தாள், ஜாப் கார்டு, லேத் ஓட்டியவரின் பயிற்சிப் பதிவு, இறுதிப் பரிசோதனை, டெலிவரி சலான். எல்லாவற்றிலும் அதே ஆர்டர் எண் ஓட வேண்டும்.

இறுதிப் பரிசோதனைத் தாளில் மைக்ரோமீட்டரின் எண் இருக்கும். அதன் காலிபரேஷன் சான்றை எடுங்கள். சான்று மார்ச் 31இல் முடிந்திருக்கிறது. அளந்த தேதி ஏப்ரல் 12. மறு காலிபரேஷன் ஏப்ரல் 25 என்று வையுங்கள். ஆடிட்டர் பிடிப்பது இந்த இடைவெளியைத்தான். பழைய தேதி போட்டு மறைத்தால் லேபின் சான்று எண்ணும் பில் தேதியும் காட்டிக்கொடுக்கும். சிறு குறை நம்பகத்தன்மைக் கேள்வியாகிவிடும். புதிய சான்றில் கருவி சரியாக அளந்ததா என்று பாருங்கள். பிழை வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த நாட்களில் அளந்த சரக்கை மறுபடி அளக்க வேண்டும். வெளியே போய்விட்டதென்றால் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியிருக்கும். சான்று ஏன் தவறிப்போனது, இனி யார் கவனிப்பார் என்பதையும் எழுதி வையுங்கள். இப்படி நீங்களே கண்டு திருத்திய குறையை ஆடிட்டர் பெரும்பாலும் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வார்.

ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் கடைசித் தாள் வரை நீங்களே தொடர முடிந்த பிறகு தேதி கொடுங்கள். பாதியில் தாள் கிடைக்காமல் நின்றால், அந்தப் பிரிவைச் சரிசெய்ய அவகாசம் கேளுங்கள். வரும் முன் கேட்கும் அவகாசத்தால் நஷ்டம் குறைவு.