பப்ஸா, வடையா, முட்டையா?

மாலை ஆறரை மணி. தாம்பரம் ரயிலைப் பிடிக்கும் அவசரம், கூடவே பசி. பேக்கரி வாசலில் நிற்பவர்களில் பலர், "வடை எண்ணெய்ப் பண்டம், பப்ஸ் ஓவனில் வெந்ததுதானே" என்று பப்ஸை எடுக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பு.

பப்ஸின் மேல்பகுதி ஏடு ஏடாகப் பிரிவதற்குக் காரணமே கொழுப்புதான். மைதா மாவை விரித்து, அதன்மேல் மார்கரின் அல்லது வனஸ்பதியைத் தடவி, மடித்துத் தேய்த்து, மறுபடி மடிப்பார்கள். ஓவன் சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி ஏடுகளைத் தூக்கிவிடும். ஏடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இடையில் நின்று காப்பது அந்தக் கொழுப்பு. மாவின் எடையில் பாதியளவு கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். ஆறிப்போன பப்ஸைத் தின்றபின் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டுவதும் இதுதான், வாய்ச் சூட்டில் அது முழுதாக உருகுவதில்லை.

ஒரு முட்டை பப்ஸையே எடுத்துக்கொள்வோம். அளவைப் பொறுத்து ஏறக்குறைய 250 முதல் 300 கலோரி வரும். உள்ளே பல கடைகளில் இருப்பது அரை முட்டை, அதில் புரதம் 3 கிராம். அதே நேரம், டீக்கடையில் மிளகும் உப்பும் தூவித் தரும் அவித்த முட்டை இரண்டு சாப்பிட்டால் சுமார் 150 கலோரி, 12 கிராம் புரதம். வீடு போய்ச் சேரும்வரை பசி தாங்குவதும் இதுதான். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு பொட்டலம் கொண்டைக்கடலைச் சுண்டல் நல்ல மாற்று; அது கிடைக்காத இடத்தில் ஒரு வாழைப்பழம்.

மசாலா வடை? பருப்பு என்பதால் பப்ஸை விட அதையே நான் சிபாரிசு செய்வேன், ஆனால் ஒன்றோடு நிறுத்தவேண்டும். வாங்குமுன் சட்டியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் பொங்கினால் அது பலமுறை காய்ந்தது. அந்தக் கடையில் வடை வேண்டாம். எண்ணெய் சரியாகக் காயாமல் போட்ட வடையும் எண்ணெயைக் குடித்துவிடும். கையில் எடுத்தால் கனமாக, நசநசவென்று இருக்கும். செய்தித்தாளில் வைத்து அழுத்துவது இன்னும் கெடுதல். அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து வடையில் ஏறும், உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை எச்சரித்த விஷயம் இது. வாழை இலைத் துண்டு கேளுங்கள்.

டீயையும் மறக்கக்கூடாது. இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் மட்டும் 40 கலோரி இருக்கிறது. ஆற்றுவதற்கு முன்பே, "மாஸ்டர், சக்கரை கம்மி" என்று சொல்லிவிடுங்கள். கலந்தபின் குறைக்க முடியாது.