ஒரு கட்டத்துக்குள் மூன்று பாடம்

பிளஸ் டூ மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும் ஒரு டியூஷன் சென்டரை எடுத்துக்கொள்வோம். சேர்க்கைக்குக் கூகுள் ஃபார்ம் அனுப்புகிறார்கள். அதில் எந்தெந்தப் பாடம் வேண்டுமோ அந்தந்தப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். நிரப்புகிறவருக்கு இது சுலபம். சிக்கல், பதில்கள் விரிதாளில் வந்து விழும்போதுதான் தொடங்குகிறது. ஒருவர் மூன்று பெட்டியில் டிக் அடித்தாலும், மூன்று பாடத்தையும் கமா போட்டுக் கோத்து ஒரே கட்டத்தில் வைத்துவிடுகிறது கூகுள்.

```
எண்   பாடங்கள்                              கட்டணம்
101   இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல்   3000
102   வேதியியல், உயிரியல்                    2000
103   கணினி அறிவியல்                         1000
104                                          1000
```

104-ஆம் எண் மாணவர் முன்பணம் கட்டிவிட்டார். பாடத்தை இன்னும் முடிவு செய்யவில்லை. நான்கே பேர் என்றால் கண்ணால் பார்த்தே எண்ணிவிடலாம். முந்நூறு பேர் சேர்ந்த பிறகு, "வேதியியலுக்கு எத்தனை பேர்? ஒரு பேட்ச் போதுமா, இரண்டு வேண்டுமா?" என்று நிர்வாகி கேட்டால் கண் உதவாது. பிவட் டேபிள் போட்டாலும் பயனில்லை. "வேதியியல், உயிரியல்" என்பதை அது ஒரு பாடமாகவும், 101-இன் மூன்று பாடத்தைச் சேர்த்து இன்னொரு பாடமாகவும் காட்டும்.

பலரும் முதலில் கை வைப்பது குறுக்கு வழியில்தான்.

```
=COUNTIF(B:B,"*வேதியியல்*")
```

கட்டத்துக்குள் எங்காவது "வேதியியல்" என்ற எழுத்துகள் இருந்தால் எண்ணிக்கொள் என்று இதற்குப் பொருள். மேலே உள்ள நான்கு பேருக்கு 2 என்று சரியான விடையே வரும். நாளைக்கே ஒருவர் "உயிர்வேதியியல்" எடுத்தால் அவரும் வேதியியல் கணக்கில் ஏறிவிடுவார். "தமிழ்" என்று தேடினால் "சிறப்புத் தமிழ்" எடுத்தவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. எண் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கண்டுபிடிக்க முடியாத தவறு இந்த மாதிரிதான் நுழைகிறது.

சரியான வழி, ஒரு பாடத்துக்கு ஒரு வரி என்று பிரிப்பது. 101-க்கு மூன்று வரி, 102-க்கு இரண்டு, 103-க்கு ஒன்று. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்ற இந்த யோசனை, ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் தரவுத்தளங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது.

எக்செல்லில் பலருக்கும் பழக்கமானது `Text to Columns`. இங்கே அது தவறான கருவி. பாடங்களை அது பக்கவாட்டில் பாடம்1, பாடம்2, பாடம்3 என்று மூன்று நெடுவரிசையாக்கும். அப்போது வேதியியல் 101-க்கு இரண்டாவது நெடுவரிசையிலும் 102-க்கு முதல் நெடுவரிசையிலும் இருக்கும். எண்ணுவதற்கு மூன்று இடத்தில் தேட வேண்டும். நமக்கு வேண்டியது கீழ்நோக்கிப் பிரிப்பது, அதைச் செய்வது பவர் கொயரி. எக்செல் 2016 முதல் இது உள்ளேயே இருக்கிறது.

விரிதாளை எக்செல் கோப்பாக இறக்கிக்கொண்டு, தரவுக்குள் ஒரு கட்டத்தில் நின்றபடி `Data` பட்டியலில் `From Table/Range` என்பதைச் சொடுக்கினால் தனி ஜன்னல் திறக்கும். பாடங்கள் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து `Split Column`, `By Delimiter` என்று போய்ப் பிரிப்பானாகக் கமாவைக் கொடுக்க வேண்டும். முக்கியமான பொத்தான் அங்கே `Advanced options` என்பதற்குள் ஒளிந்திருக்கிறது: `Split into` என்ற இடத்தில் `Rows`. இதைத் தொடாமல் விட்டால் மறுபடி நெடுவரிசைகள்தான் வரும். பிரித்த கையோடு `Transform` பட்டியலில் `Format`, `Trim` கொடுக்க வேண்டும். கமாவுக்குப் பின்னால் இருந்த இடைவெளி " வேதியியல்" என்று பாடத்தின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்காவிட்டால் 101-இன் வேதியியலும் 102-இன் வேதியியலும் அறிக்கையில் இரண்டு பாடமாக நிற்கும்.

"இடைவெளியையும் சேர்த்தே பிரிப்பானாகக் கொடுத்தால் என்ன?" என்று தோன்றலாம். யாராவது கையால் திருத்தும்போது இடைவெளி விடாமல் கமா போட்டிருந்தால் அந்தக் கட்டம் பிரியாது. கூகுள் ஷீட்ஸில் இதைவிட வேடிக்கை நடக்கும். அங்கே `=SPLIT(B2,", ")` என்று எழுதினால், கமா ஒரு பிரிப்பான், இடைவெளி இன்னொரு பிரிப்பான் என்று தனித்தனியே எடுத்துக்கொள்ளும். "கணினி அறிவியல்" இரண்டாக உடைந்து, "கணினி" என்றும் "அறிவியல்" என்றும் யாரும் நடத்தாத இரண்டு பாடங்கள் முளைக்கும். `=SPLIT(B2,", ",FALSE)` என்று கடைசியில் ஒரு சொல் சேர்த்தால்தான் இரண்டையும் ஒரே பிரிப்பானாகக் கொள்ளும். படிவத்திலேயே "வணிகவியல், கணக்குப்பதிவியல்" என்று ஒரு தேர்வுக்குள் கமா வைத்திருந்தால் இந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. படிவத்தில்தான் அதை மாற்ற வேண்டும்.

பிரித்தது சரியா என்று எப்படித் தெரியும்? கமாக்களை எண்ணினால் போதும். பாடங்களின் எண்ணிக்கை, கமாக்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல்.

```
=LEN(B2)-LEN(SUBSTITUTE(B2,",",""))+1
```

பழைய பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் இதைப் போட்டுக் கூட்டினால் 3, 2, 1, 1 என்று 7 வரும். பவர் கொயரி தரும் பட்டியலிலும் ஏழு வரிகள் இருக்க வேண்டும். ஏழாவது வரி, பாடம் வெறுமையாக இருக்கும் 104. இந்த மாணவரைக் கவனித்துக்கொள்வது நல்லது. இதே வேலையை எஸ்.க்யூ.எல். சர்வரில் `STRING_SPLIT` வைத்துச் செய்கிறவர்கள் `CROSS APPLY` என்று எழுதினால், பாடம் `NULL` ஆக இருக்கும் 104 சத்தமில்லாமல் காணாமல் போய்விடுவார். `OUTER APPLY` என்று எழுதினால் நிற்பார்.

பணக்கணக்கில்தான் பெரிய அடி விழும். பிரிக்கும்போது மற்ற நெடுவரிசைகள் அப்படியே நகலாகின்றன. 101-இன் 3000 ரூபாய் மூன்று வரியிலும் இருக்கும், 102-இன் 2000 இரண்டு வரியில். உண்மையில் வந்த தொகை 7000. பிரித்த பட்டியலைக் கூட்டினால் 15,000 காட்டும். தலைக்கணக்கும் அப்படியே: நான்கு பேர் ஏழு பேராகத் தெரிவார்கள். அதனால் பிரித்த பட்டியலில் எண், பாடம் என்ற இரண்டு நெடுவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுவதே பாதுகாப்பு. கட்டணம் பழைய பட்டியலிலேயே, ஒரு மாணவருக்கு ஒரு வரியாக இருக்கட்டும். பேட்ச் போடுவதற்குப் புதிய பட்டியல், வசூல் பார்ப்பதற்குப் பழையது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் தலைவலி ஒன்றும் உண்டு. "பொருளியல்" என்ற பாடம் அறிக்கையில் இரண்டு முறை வரும். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து வித்தியாசமே தெரியாது, இடைவெளியும் இருக்காது. காரணம், "பொ" என்பதன் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய சொல்லில் இரண்டாவது வகை வந்துவிடலாம். `LEN` போட்டுப் பார்த்தால் குட்டு உடையும்: ஒன்றுக்கு 9 வரும், மற்றதற்கு 10. பவர் கொயரியில் `Replace Values` கொடுத்து, பத்து வருவதை நகலெடுத்து மேலே ஒட்டி, ஒன்பது வருவதைக் கீழே ஒட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தப் படி மற்றப் படிகளோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். அடுத்த வாரம் புதிய பதில்களைப் பட்டியலின் அடியில் ஒட்டிவிட்டு `Refresh All` கொடுத்தால், பிரிப்பது முதல் இந்தத் திருத்தம் வரை எல்லாம் தானாகவே மறுபடி நடக்கும்.