டிக் இருந்தால் அது கம்பெனிதானா?

2022 நவம்பர் 10-ஆம் தேதி, அமெரிக்க மருந்து நிறுவனமான எலி லில்லியின் பெயரில் ட்விட்டரில் ஒரு பதிவு வந்தது: இனி இன்சுலின் இலவசம். நிறுவனத்தின் பெயர் இருந்தது, சின்னம் இருந்தது, பக்கத்திலேயே நீல டிக்கும் இருந்தது. ஆனால் கணக்கு போலி. மாதம் 8 டாலர் கட்டுகிற யாருக்கும் நீல டிக் என்று ட்விட்டர் விற்கத் தொடங்கிய நேரம் அது. இன்சுலின் விலை கட்டுப்படியாகாமல் அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்ளும் நோயாளிகள் இருக்கிற நாட்டில் அந்தப் பொய் பல மணி நேரம் சுற்றியது. அசல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. போலிக் கணக்கின் முகவரி @EliLillyandCo. அசலின் முகவரி @LillyPad. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டால், விவரம் தெரிந்தவர்கள்கூட முதலாவதைத்தான் அசல் என்பார்கள். பெயரை உற்றுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கேயே உடைந்துவிடுகிறது. பெயர், படம், டிக் மூன்றுமே யார் கைக்கும் கிடைக்கக்கூடியவை.

அதனால் கணக்கிலிருந்து கம்பெனியைத் தேடாமல், கம்பெனியிலிருந்து கணக்குக்குப் போக வேண்டும். பாஸ்புக், பில், டெபிட் கார்டின் பின்பக்கம் என ஏற்கெனவே கையில் இருக்கும் ஒன்றில் அச்சிட்ட இணைய முகவரியை நாமே டைப் செய்து திறக்கலாம். பக்கத்தின் அடியில் ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம் சின்னங்கள் இருக்கும். அதைத் தட்டினால் எந்தக் கணக்கு திறக்கிறதோ அதுதான் அவர்களுடையது. கூகுளில் தேடி முதலில் வருவதைத் தட்டுவது இதற்கு ஈடாகாது. அங்கே மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். வங்கிகள் விஷயத்தில் இப்போது ஒரு வசதி கூடியிருக்கிறது. இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை .bank.in என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் உத்தரவிட்டது. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும்.

கண்ணில் பட்ட ஃபேஸ்புக் பக்கத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் அதன் About பகுதிக்குள் Page transparency என்ற இடம் இருக்கிறது. பெரிய நகைக்கடை ஒன்றின் பெயரில் தீபாவளிப் பரிசு அறிவிக்கும் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பக்கம் தொடங்கியது சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆனால் போன வாரம் வரை அதன் பெயர் ஏதோ ஒரு சமையல் பக்கம். நிர்வகிப்பவர்கள் இருக்கும் நாடு, கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. திருடியோ விலைக்கு வாங்கியோ பெயர் மாற்றிய பக்கம் இப்படித்தான் தோற்றம் தரும். அந்த லட்சம் பேரும் சமையல் குறிப்புக்காகச் சேர்ந்தவர்கள். பெயர் மாற்றம் மட்டுமே குற்றத்துக்குச் சாட்சி ஆகாது, கம்பெனிகளும் பெயர் மாற்றுவதுண்டு. ஆனால் தொழிலே மாறியிருந்தால் அங்கிருந்து விலகுவதே சரி.

வாட்ஸ்அப்பில் ஏமாறுவது இன்னும் எளிது. பணம் கழிந்தது, டிக்கெட் வரவில்லை என்று எக்ஸில் புகார் எழுதிய சில நிமிடங்களில், 'சிரமத்துக்கு வருந்துகிறோம், இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்' என்று பதில் வரும். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த வேகமே ஆறுதலாக இருக்கும். புகார்களைத் தேடிக்கொண்டே காத்திருப்பவர்களின் வேகம் அது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் 'பிசினஸ் கணக்கு' என்று காட்டும். பிசினஸ் செயலியை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம் என்பதால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. வாட்ஸ்அப் தரும் டிக் முன்பு பச்சையாக இருந்து 2024 முதல் நீலமாக மாறிவருகிறது; அது பெயரை ஒட்டி நிற்கும். படத்துக்குள் வரைந்திருக்கும் டிக், பெயரோடு சேர்த்து டைப் செய்த டிக் இரண்டும் போலிகளின் வேலை. எண்ணை முன்பு சொன்ன மாதிரி கம்பெனியின் தளத்தில் தேடிப் பார்ப்பதுதான் வழி.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. 2024 ஜனவரி 9-ஆம் தேதி அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் அசல் எக்ஸ் கணக்கையே யாரோ கைப்பற்றி, பிட்காயின் நிதித் திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தாயிற்று என்று பொய்யாகப் பதிவிட்டார்கள். அசல் கணக்கிலேயே அடுத்தவர் பேசலாம் என்பதால், அது என்ன கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓடிபி, யுபிஐ பின், ஏபிகே கோப்பை இறக்கச் சொல்வது, திரையைப் பகிரச் சொல்வது: பணத்தைத் திருப்பித் தர இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கி, 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால்தான் அதை நிறுத்திவைக்க முடியும்.