‘வெறும் 5 நிமிடம்’ என்ற அந்த வரி

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஜொகூர் பாருவில் எழும்பவிருக்கும் ஓர் அடுக்குமாடி வீட்டுத் திட்டத்தின் செய்தி அறிக்கை எனக்கு வந்தது. ஆங்கில வரைவைத் தமிழாக்கி, பத்திரிகைகளுக்கு அனுப்பும்படி திருத்திக் கொடுப்பது என் வேலை. முதல் வரியே இப்படி இருந்தது: “சிங்கப்பூருக்கு வெறும் 5 நிமிடம்! 80 விழுக்காடு விற்றுவிட்ட, தென் ஜொகூரின் ஈடிணையற்ற சொகுசு முகவரி.”

இதே வரியைத் துண்டுப் பிரசுரத்தில் பார்த்துவிட்டு என் சித்தி மகன் அதற்கு முந்தைய நாள்தான் போன் செய்திருந்தான். ஸ்கூடாயில் வாடகைக்கு இருக்கிறான், ஊட்லண்ட்ஸில் வேலை. விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறவன். “அண்ணே, அஞ்சு நிமிஷமாமே, முன்பணம் கட்டிடவா?” என்றான்.

அந்த 5 நிமிடம் பொய்யல்ல. புக்கிட் சாகாரிலிருந்து ஊட்லண்ட்ஸ் நார்த் வரை சுமார் 4 கிலோமீட்டர் ஓடும் ஆர்.டி.எஸ். ரயிலின் பயண நேரம் அது. ஆனால் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையேதான். வீட்டு வாசலிலிருந்து புக்கிட் சாகார் போவது, குடிநுழைவுச் சோதனை, ரயிலுக்குக் காத்திருப்பது, இறங்கியபின் தொழிற்சாலைக்குப் போவது எதுவும் அதில் இல்லை. கணக்கு சரி, எங்கிருந்து எதுவரை என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்கள்.

வீடமைப்பு மேம்பாட்டாளர்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிமுறைகளில், பிரபலமான இடங்களுக்குப் போகும் பயண நேரத்தை விளம்பரத்தில் போடக்கூடாது என்றே இருக்கிறது. எதிர்பார்க்கும் வாடகை வருமானத்தையும் போடக்கூடாது. செய்தி அறிக்கை விளம்பரம் ஆகுமா என்று வழக்காடலாம். விளம்பரத்தில் எழுத முடியாததைச் செய்தி என்ற பெயரில் எழுத என் கை வரவில்லை. நேரத்தை எடுத்துவிட்டு, சாலை வழித் தூரத்தை அளந்து தரும்படி கேட்டேன். திட்ட இடத்திலிருந்து புக்கிட் சாகார் நிலையத்துக்கு 2.3 கிலோமீட்டர் என்று பதில் வந்தது.

அடுத்தது 80 விழுக்காடு. விழுக்காட்டைப் பார்த்தால் ‘எதில்?’ என்று கேட்பது என் பழக்கம். மொத்தம் 412 வீடுகள். முதல் கட்டமாகத் திறந்தவை 60. அதில் 48 வீடுகளுக்கு முன்பதிவு வந்திருந்தது. 48ஐ 60ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. 412ஆல் வகுத்தால் 12கூட வராது. தவிர, முன்பதிவு வேறு, விற்பனை ஒப்பந்தம் வேறு. வங்கிக் கடன் கிடைக்காமல் பலர் விலகுவார்கள்.

‘சொகுசு’ என்ற சொல்லை உடனே வெட்டிவிடவில்லை. பெரிய சொல்லுக்கு அடியில் சில நேரம் ஒரு நல்ல தகவல் கிடக்கும். “எதை வைத்துச் சொகுசு என்கிறீர்கள்?” என்று கேட்டேன். 850 சதுர அடி, மூன்று அறை, இரண்டு குளியலறை, ஒரு கார் நிறுத்துமிடம் என்றார்கள். அதையே எழுதினேன். ‘ஈடிணையற்ற’வுக்குப் பதிலே வரவில்லை, அது போயிற்று.

தமிழாக்கும்போது நானே மிகையைச் சேர்த்துவிடும் ஆபத்தும் உண்டு. ரயில் ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. முதல் திருத்தத்தில் அந்த ‘வரை’யை விட்டுவிட்டு, ‘10,000 பேர் பயணிப்பார்கள்’ என்று எழுதியிருந்தேன். ஒரு சொல் விழுந்ததும் உச்சவரம்பு அன்றாட நடப்பாகிவிட்டது.

எல்லாவற்றையும் களைந்தபின் பார்த்தால், மிகை முழுவதும் இயக்குநரின் மேற்கோளுக்குள் குடியேறியிருந்தது. ஒருவர் சொன்னதாகப் போடுவதை நான் மாற்ற முடியாது. சுருக்கித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, வீடுகளை எப்போது ஒப்படைப்போம் என்று மட்டும் சொல்லி ஒரு வரி வந்தது. முந்தையதைவிட அதுதான் செய்தி.

ஆனால் நல்லதை மறைப்பதும் நடுநிலை ஆகாது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். மறுகரையில் இறங்கியபின் மீண்டும் வரிசை இல்லை. காஸ்வேயில் தினமும் இரண்டு வரிசையில் நிற்பவனுக்கு இது பெரிய விஷயம். மூல வரைவில் இது ஏழாவது பத்தியில் கிடந்தது. இரண்டாம் பத்திக்கு ஏற்றினேன்.

முதல் பத்தி இப்படி முடிந்தது: “ஜொகூர் பாருவில் 412 வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டத்தின் முதல் 60 வீடுகள் விற்பனைக்குத் திறக்கப்பட்டுள்ளன, 48 வீடுகளுக்கு முன்பதிவு வந்துள்ளது. ஆர்.டி.எஸ். ரயிலின் புக்கிட் சாகார் நிலையம் இங்கிருந்து சாலை வழி 2.3 கிலோமீட்டர்.”

நிறுவனத்தின் விளம்பர அதிகாரிக்கு முகம் சுருங்கியது. “உப்புச்சப்பில்லாம இருக்கே சார்” என்றார். ஆனாலும் அனுப்பினார்.

தம்பிக்கும் அதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த 2.3 கிலோமீட்டர் நடக்கவா, பஸ் இருக்கா?” என்று கேட்டான். சனிக்கிழமை போய் நடந்து பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். முன்பணம் இன்னும் அவன் கணக்கில்தான் இருக்கிறது.