பிப்ரவரியை அறிந்த கடிகாரம்

தேதி காட்டும் சாதாரணக் கைக்கடிகாரத்தில் தேதிக்கென்று 31 பற்கள் கொண்ட ஒரு சக்கரம் இருக்கும். நள்ளிரவில் அது ஒரு பல் நகரும். எல்லா மாதத்துக்கும் 31 நாள் என்பதுதான் அதன் கணக்கு. ஆகவே மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் மாதங்களின் முதல் நாளில் அது தவறான தேதியைக் காட்டும். கட்டியிருப்பவர் ஆண்டுக்கு ஐந்து முறை கையால் திருத்த வேண்டும்.

இந்தத் திருத்தத்தைக் கடிகாரமே செய்துகொள்ளும்படி அமைத்தவை காலண்டர் கடிகாரங்கள். ஆனுவல் காலண்டர் 30 நாள் மாதத்தையும் 31 நாள் மாதத்தையும் பிரித்தறியும். பிப்ரவரி மட்டும் அதற்குப் பிடிபடாது. பெர்பெச்சுவல் காலண்டர் பிப்ரவரியையும் லீப் வருடத்தையும் சேர்த்தே அறியும். வயதில் மூத்தது இந்த இரண்டாவது வகைதான். இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் 1760களிலேயே பெர்பெச்சுவல் காலண்டர் கொண்ட சட்டைப்பைக் கடிகாரம் செய்தார். கைக்கடிகாரத்தில் அது முதலில் வந்தது 1925இல், ஜெனீவாவின் பதேக் பிலிப் நிறுவனம் செய்த ஒரே ஒரு கடிகாரத்தில். இவை மின்சாரமோ சில்லோ இல்லாமல், சாவி கொடுத்த சுருள்வில்லின் விசையில் ஓடுபவை. மாதங்களின் நீளத்தை எங்கே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் இவற்றில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

எழுதிவைத்திருக்கும் இடம் ஒரு சக்கரத்தின் விளிம்பு. பழைய மரபில் செய்த பெர்பெச்சுவல் காலண்டரில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச்சுற்று சுற்றும் மாதச் சக்கரம் ஒன்று உண்டு. அதன் விளிம்பு 48 பகுதிகளாகப் பிரிந்திருக்கும், மாதத்துக்கு ஒன்றாக. 31 நாள் மாதத்தின் இடத்தில் விளிம்பு வெட்டப்படாமல் மேடாகவே இருக்கும். 30 நாள் மாதத்தின் இடத்தில் ஆழம் குறைந்த பள்ளம் வெட்டியிருப்பார்கள். மூன்று பிப்ரவரிகளுக்கு மிக ஆழமான பள்ளம்; நான்காவதான லீப் வருடப் பிப்ரவரிக்குச் சற்றே ஆழம் குறைந்த பள்ளம். 28 மேடுகள், 16 சிறு பள்ளங்கள், 4 பிப்ரவரிப் பள்ளங்கள். இவை குறிக்கும் நாட்களைக் கூட்டினால் 1,461 வரும். லீப் வருடம் ஒன்று அடங்கிய நான்கு ஆண்டுகளின் மொத்த நாட்கள் அவை.

இந்தப் பள்ளங்களைத் தடவிப் படிப்பது பெரிய நெம்புகோல் ஒன்று. அதன் ஒரு முனையில் உள்ள அலகு மாதச் சக்கரத்தின் விளிம்பில் படிந்திருக்கும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரம் ஒன்று நள்ளிரவை ஒட்டி இந்த நெம்புகோலைத் தள்ளும். அப்போது நெம்புகோலில் பொருத்திய சிறு கொக்கி தேதிச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். இன்னொரு கொக்கி ஏழு பற்கள் கொண்ட கிழமைச் சக்கரத்தை நகர்த்தும். மாதம் முழுக்க நடக்கும் வேலை இவ்வளவே.

மாதக் கடைசியில்தான் பள்ளத்தின் ஆழம் பயன்படுகிறது. தேதிச் சக்கரத்தின் மேல் நத்தை ஓடு போல வளைந்து விரியும் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். நாளாக ஆக விரியும் அதன் ஓரம், ஓரிடத்தில் சட்டென்று படியாக இறங்கும். நெம்புகோலின் மூன்றாவது கொக்கி மற்ற நாட்களில் இந்த ஓரத்தில் வெறுமனே வழுக்கிச் செல்லும். மாதக் கடைசியில் அந்தப் படி அதன் எதிரே வந்து நிற்கும். அலகு எவ்வளவு ஆழமான பள்ளத்தில் விழுந்திருக்கிறதோ அவ்வளவு பின்னுக்குப் போய் நிற்கும் இந்தக் கொக்கி. பின்னுக்குப் போனால் முன்னுக்கு வரும் தூரமும் கூடும்.

2027 பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை இரவை எடுத்துக்கொள்வோம். அலகு மிக ஆழமான பள்ளத்தில் கிடக்கிறது. கொக்கி வெகுதூரம் பின்வாங்கிப் படியைப் பிடித்துக்கொள்கிறது. நெம்புகோல் அசையும்போது தேதிச் சக்கரம் 29, 30, 31 ஆகியவற்றைத் தாண்டி ஒரே வீச்சில் நான்கு பற்கள் நகர்ந்து 1இல் நிற்கிறது. கிழமைச் சக்கரம் வழக்கம்போல் ஒரே பல் நகர்ந்து திங்கள் ஆகிறது. மாதச் சக்கரமும் ஒரு படி திரும்பி மார்ச்சின் மேட்டுக்கு வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு, 2028இல், பள்ளம் சற்று மேலே இருப்பதால் 28ஆம் தேதி இரவில் கொக்கி படியை எட்டாது. 29 வழக்கம்போல் வரும். மறுநாள் இரவில் மூன்று பற்கள் நகரும். லீப் வருடம் என்பது இந்த எந்திரத்துக்கு உலோகத்தில் ஒரு பல் அளவு ஆழ வித்தியாசம்தான். இத்தனை பெரிய கணக்கை இத்தனை சிறிய வெட்டில் அடக்கியதே இந்தக் கலையின் உச்சம்.

ஆனுவல் காலண்டர் மிகப் பிந்தி, 1996இல்தான் பதேக் பிலிப் நிறுவனத்திடமிருந்து வந்தது. அதன் மாதச் சக்கரம் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. பெரிய நெம்புகோலின் வேலையைப் பெரும்பாலும் பற்சக்கரங்களே செய்கின்றன. பிப்ரவரியையும் அது 30 நாள் மாதமாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் சாதாரண ஆண்டில் மார்ச் 1 அன்று 29 என்றும், லீப் வருடத்தில் 30 என்றும் காட்டும். ஆண்டுக்கு அந்த ஒரு நாள் மட்டும் கையால் திருத்தினால் போதும்.

இவ்வகைக் கடிகாரங்களுக்குக் கேடு பெரும்பாலும் திருத்தும் வேளையில்தான் வருகிறது. தேதி மாறும் வேலை நள்ளிரவில் ஒரு நொடியில் நடந்து முடிவதில்லை. பல கடிகாரங்களில் சில மணி நேரம் முன்பே கொக்கிகள் பற்களைப் பிடிக்கத் தொடங்கி, பின்னிரவில்தான் விடுகின்றன. அந்த நேரத்தில் திருத்தும் பொத்தானை அழுத்தினால் பல் வளையலாம், கொக்கி உடையலாம். முட்களைக் காலை ஆறு மணி வாக்கில் வைத்துவிட்டுத் திருத்துவதே பாதுகாப்பு. தேதி நண்பகலில் மாறினால் கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் பிசகி வைக்கப்பட்டிருக்கிறது என்று அறியலாம். காலையிலும் எண் சாளரத்தின் நடுவில் நிற்காமல் பாதியில் தொங்கினால் கொக்கி தன் வீச்சை முடிக்கவில்லை என்று பொருள்.

ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தில் குர்ட் கிளவுஸ் அமைத்து 1985இல் வந்த டா வின்சி கடிகாரம் திருத்தத்தை எளிதாக்கியது. தேதி, கிழமை, மாதம், ஆண்டு எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து, சாவிக் குமிழ் ஒன்றாலேயே முன்னகரும். ஆனால் பின்னகராது. கவனக்குறைவாக மூன்று நாள் கூடுதலாகத் தள்ளிவிட்டால், கடிகாரத்தை நிறுத்திவைத்து, அந்த மூன்று நாளும் கழியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பெர்பெச்சுவல் என்ற பெயர் இருந்தாலும் 48 பகுதிச் சக்கரத்துக்கு ஓர் எல்லை உண்டு. நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் என்பதே அது அறிந்த விதி. 1582இல் வந்த கிரிகோரியன் நாட்காட்டியோ நூற்றாண்டு வருடங்களில் 400ஆல் வகுபடுபவற்றை மட்டுமே லீப் என ஏற்கிறது. 2000 லீப் வருடம் என்பதால் இன்றைய கடிகாரங்கள் தப்பின. 2100 லீப் இல்லை. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று இவை பிப்ரவரி 29 என்று காட்டும். கிழமை மட்டும் சரியாக இருக்கும். தனித்தனிப் பொத்தான்கள் உள்ள கடிகாரத்தில் தேதியை மட்டும் தள்ளித் திருத்திவிடலாம். எல்லாம் பிணைந்த அமைப்பில் தேதியைத் தள்ளினால் கிழமையும் சேர்ந்து நகரும் என்பதால் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

இந்த எல்லையைக் கடந்த கடிகாரங்களும் உண்டு. 2024இல் ஐ.டபிள்யூ.சி. வெளியிட்ட எட்டர்னல் காலண்டரில் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் சக்கரம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதில் வெட்டிய மூன்று பள்ளங்கள், நானூறு ஆண்டுகளில் வரும் மூன்று பொய் லீப் வருடங்களைத் தவிர்த்துவிடுகின்றன. 3999 வரை அது சரியாகக் காட்டும் என்கிறது நிறுவனம். கிரிகோரியன் விதிப்படி 4000 லீப் வருடம்தான். எனினும் அந்த நாட்காட்டியின் சராசரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சில நொடிகள் நீளம் என்பதால், அந்த நாளை விட்டுவிட வேண்டும் என்ற யோசனையும் இருக்கிறது. அது இன்னும் முடிவாகவில்லை.