புத்தகத்தை மூடிய பிறகு

ஒரு பாடத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது 'இதெல்லாம் தெரிந்ததுதான்' என்று ஒரு நிம்மதி வரும். அதை நம்பக் கூடாது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு சிறிய உரைநடைப் பகுதியைக் கல்லூரி மாணவர்களில் ஒரு குழு நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது. மற்ற மூன்றிலும் தாளை ஒதுக்கிவிட்டு, நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, வாசித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. வேடிக்கை என்னவென்றால், நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு சுற்றும் வாசித்தவர்கள்தான்.

நினைவிலிருந்து தேடி எடுக்கும் வேலையே அந்த நினைவை உறுதியாக்குகிறது. தேடல் சற்றுச் சிரமமாக இருந்தால் பலன் கூடும். அதற்குக் கொஞ்சம் மறக்க விட வேண்டும்; இடைவெளி விடுவது அதற்காகத்தான். எவ்வளவு விடுவது? செபேடாவும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடைசியாகப் படித்ததிலிருந்து 70 நாள் கழித்துத் தேர்வு என்றால், அதற்கு முந்தைய படிப்புக்கும் அதற்கும் சுமார் மூன்று வார இடைவெளி இருந்தபோது நினைவு அதிகம் நின்றது. தேர்வு தள்ளிப்போனால் இடைவெளியும் நீளலாம்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும் ஒருவர் இன்று நெருக்கடி நிலைப் பிரிவுகளைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளை ஒரு வெள்ளைத் தாளில் 352, 356, 360 என்று மட்டும் எழுதி, ஒவ்வொன்றும் எதற்கான பிரகடனம், நாடாளுமன்றம் எத்தனை நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று நிரப்பட்டும். மூன்றுக்கும் 'இரண்டு மாதம்' என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். புத்தகத்தைத் திறந்தால் 352க்கு ஒரு மாதம்தான் என்று தெரியும். 1978இன் 44ஆவது திருத்தம் அதைக் குறைத்தது. தவறை அப்போதே சிவப்பு மையில் திருத்தி, காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். திருத்தாமல் விட்டால் தவறான விடையே பதிந்துவிடலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி வெள்ளைத் தாள்.

அப்போது பாதியாவது வந்தால் இடைவெளி சரி. ஒன்றுமே வரவில்லையென்றால் நீண்டுவிட்டது. பாடத்தைப் புரிந்து படித்து, அடுத்த முறை ஒரு வாரத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். யோசிக்காமலே எல்லாம் வந்துவிட்டால் அந்தத் தலைப்பை இன்னும் தள்ளிவைத்து, அந்த நேரத்தை வேறொரு பாடத்துக்குத் தரலாம். பலர் செய்வது இதற்கு நேர்மாறு: நன்றாக வருகிற பாடத்தையே மறுபடி மறுபடி எடுப்பார்கள்.